சின்னையாவின் பெயரில் ஒரு பட்டம்

ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதென்றால் உதயகலாவுக்குப் பத்து நிமிட வேலை. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த ஆறு வருடத்தில், காணி உறுதியைத் தொலைத்தவர், வீட்டுத்திட்டத்தில் பெயர் விடுபட்டவர், முதியோர் கொடுப்பனவு நின்றுபோனவர் என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள். "பிள்ளை எழுதினால் காரியம் நடக்கும்" என்று அளவெட்டியில் ஒரு பேச்சே இருந்தது. அப்படிப்பட்டவளுக்குத் தனக்கென்று ஒரு கடிதம் எழுத மூன்று நாள் பிடித்தது. கடிதம் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, அரைவாசிப் புலமைப்பரிசிலோடு. முப்பத்திநாலு வயதில் கிடைத்தது. இன்னொரு தடவை கிடைக்கும் என்று எதிர்பார்க்க அவள் பைத்தியக்காரி இல்லை. விசாவுக்குப் போடுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகம் அவளுடைய பத்திரங்களைச் சரிபார்த்தது. கடவுச்சீட்டில் இருப்பது சிவசுப்பிரமணியம் உதயகலா. பட்டச் சான்றிதழில் இருப்பது சீவரத்தினம் உதயகலா. "சான்றிதழின் பெயர் கடவுச்சீட்டோடு ஒத்திருக்க வேண்டும், அல்லது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திடமிருந்து உத்தியோகபூர்வ விளக்கம் வேண்டும். கடைசித் திகதி ஓகஸ்ட் முப்பது" என்று மின்னஞ்சல் வந்தது. வந்த அன்று ஜூலை இருபத்தாறு.

சிவசுப்பிரமணியம் அவளைப் பெற்ற அப்பா. சீவரத்தினம் அப்பாவின் தம்பி, அவளுடைய சின்னையா, அவளை வளர்த்தவர்.

அப்பா கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தார். உதயகலா அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டா. குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடிய மனுசன், தொண்ணூற்று மூன்றில் அவளை அளவெட்டிக்குக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்துவிட்டு, வேலைக்குத் திரும்பக் கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறினார். அந்த வள்ளம் கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. அப்பாவின் முகம் அவளுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும்தான். அந்தப் படம் வீட்டுச் சுவரில் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வந்து "உது ஆர்?" என்று கேட்டால், அவள் "பெரியப்பா" என்று சொல்லுவாள். பெற்ற தகப்பனைப் பெரியப்பா என்று சொல்லி வளர்ந்த பிள்ளை அவள். சின்ன வயதில் அது விளையாட்டாக இருந்தது. வளர வளர, படத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அந்தப் பொய்க்கும் ஒரு கதை உண்டு. தொண்ணூற்றைந்தில் அளவெட்டியும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போயிற்று. ஆறு மாதம் கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் படங்குக் கூடாரம் கட்டி இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருந்தது, கதவுகள் இல்லை. அதைவிடப் பெரிய மாற்றம், ஊரில் இராணுவம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். சீவரத்தினம் பட்டியலில் தன் பெயரையும் மனைவி ஞானாம்பிகையின் பெயரையும் எழுதிவிட்டு, மூன்றாவது வரியில் "உதயகலா, மகள்" என்று எழுதினார். தகப்பன் எங்கே என்று கேட்டால் காணவில்லை என்று சொல்ல வேண்டும். காணவில்லை என்றால் எந்த இயக்கத்தில் என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு இது புரியாது. அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டியலைப் பார்த்துப் பள்ளிக்கூடம் எழுதியது. பிறப்புப் பதிவு கிளிநொச்சியில், சண்டையால் மூடிய பாதைக்கு அந்தப் பக்கம், யாரும் போக முடியாத இடத்தில். ஆகையால் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தார்கள். அதிலும் தகப்பன் பெயர் சீவரத்தினம். அதை வைத்து அடையாள அட்டை, அதை வைத்துப் பல்கலைக்கழகம், கடைசியில் பட்டம். ஒரு கடுதாசி இன்னொரு கடுதாசியைப் பெற்றெடுத்துக்கொண்டே போயிற்று. இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான் கிளிநொச்சிக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், அவளுடைய உண்மையான பிறப்புப் பதிவு பத்திரமாக இருப்பது தெரிந்தது. அதில் அப்பாவின் பெயரைக் கண்டு அவள் கச்சேரி வாசலில் நின்று அழுதாள். கடவுச்சீட்டு அந்தப் பெயரில் வந்தது. அடையாள அட்டையையும் மாற்றிக்கொண்டாள். பட்டத்தை மட்டும் அவள் தொடவில்லை. தொட மனம் வரவில்லை.

ஏன் என்றால், பட்டமளிப்பு விழா நாள் ஒன்று இருக்கிறது. சின்னையா செம்மண் தோட்டக்காரன். வெங்காயமும் புகையிலையும் செய்து, சுன்னாகம் சந்தையில் விற்று வாழ்ந்தவர். மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கால். வாழ்க்கையில் அவர் பெயரை எவரும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் மண்டபத்தில் "சீவரத்தினம் உதயகலா" என்று அறிவித்தார்கள். அவள் மேடையில் துணைவேந்தரைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் சின்னையாவைத்தான் தேடினாள். அவர் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்தவர்போல எழும்பி நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "இருங்கோ ஐயா, மறைக்குது" என்று சத்தம் போட்டார்கள். சின்னம்மா வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினா. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் உதயகலாவுக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் நிறையும். அப்படியானவருடைய பெயரை வெட்டிவிடுங்கள் என்று எப்படி எழுதுவது?

நாலாவது தடவை எழுதியதை அவள் கிழிக்கவில்லை. "எனது பட்டச் சான்றிதழில் எனது வளர்ப்புத் தந்தையின் பெயர் இடம்பெற்றுள்ளது. அதனை எனது கடவுச்சீட்டிலும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் உள்ளவாறு சிவசுப்பிரமணியம் உதயகலா எனத் திருத்தித் தருமாறு தயவுடன் வேண்டுகிறேன்." பதிவு எண், பீடம், பட்டம் பெற்ற ஆண்டு எல்லாம் ஒழுங்காகப் போட்டாள். பிரதிகளை இணைத்து, திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, பரீட்சைக் கிளைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அங்கே இருந்த சிரேஷ்ட உதவிப் பதிவாளர் தேவகுமாரி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கடை சின்னையா உயிரோடை இருக்கிறாரோ?"

"ஓம் மெடம்."

"அப்ப அவற்றை சத்தியக் கடதாசி வேணும். உங்கடை ஒண்டு, அவற்றை ஒண்டு. பேர் ஏன் அப்பிடி வந்தது எண்டு அவர் சொல்லோணும். கிராம அலுவலரின்ரை கடிதமும் வையுங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் பதிவாளரிட்டை மேலை அனுப்பலாம்."

உதயகலா அதைக் குறித்துக்கொண்டாள். சின்னையாவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தாள். இனி அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் என்னுடைய அப்பா இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று. சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோன மனுசனிடம்.

மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நாலாம் நாள் பின்னேரம் அவர் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கை நின்றது. பிறகு மீண்டும் கட்டத் தொடங்கினார்.

"எப்ப போகோணும்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களுக்கு மனம் இல்லையெண்டால் வேண்டாம் சின்னையா. நான் போகாமலே விடுறன்."

"விசர்க்கதை கதையாதை" என்றார். அன்று இராச்சாப்பாட்டுக்கு வரவில்லை. சின்னம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை மூடி வைத்தா. "மனுசனுக்கு நெஞ்சிலை ஏதோ குத்துது, விடு" என்றா. உதயகலாவுக்கோ சோறு இறங்கவில்லை. அவரை நோகடித்துவிட்டேன் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை சீவரத்தினம் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, முற்றத்தில் நின்றார். இரண்டு பேரும் சமாதான நீதவான் கிருபைரட்ணத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஊரில் பாதிப் பேருடைய சத்தியக் கடதாசிகளில் அவருடைய முத்திரைதான் இருக்கும். உதயகலா தட்டச்சு செய்து கொண்டுவந்த கடதாசியை அவர் சத்தமாக வாசித்தார். சைவக்காரர் என்றபடியால் சத்தியம் செய்வதில்லை, உண்மையாகவும் பயபக்தியாகவும் உறுதியுரைப்பதுதான் முறை. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போயிற்று. பிறகு அந்த வரி வந்தது. "மேற்படி உதயகலாவின் பாடசாலைப் பதிவில் எனது பெயர் தந்தையின் பெயராகத் தவறுதலாகப் பதியப்பட்டுள்ளது."

"நில்லுங்கோ" என்றார் சீவரத்தினம்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தவறுதலா இல்லை ஐயா. தெரிஞ்சுதான் எழுதினனான். உதிலை நான் கையெழுத்து வையேன்."

உதயகலா அவர் பக்கம் திரும்பினாள். "சின்னையா, உது வழமையாய் எழுதுறதுதானே. எல்லாரும் உப்பிடித்தான் எழுதுறவை" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் சொல்லை அவளே நூறு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தவறுதலாக விடுபட்டது, தவறுதலாகப் பதியப்பட்டது. அலுவலகங்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு பிரியம். அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்பதில்லை.

"சீவரத்தினம், நான் சொல்லுறதைக் கேளும்" என்றார் போஸ்ட்மாஸ்டர். "தெரிஞ்சு எழுதினனான் எண்டால், உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அப்ப நீர் குடுத்த விபரம் பிழை எண்டு நீரே ஒப்புக்கொள்ளுறீர். அதைப் பல்கலைக்கழகம் எப்பிடி எடுக்குமோ தெரியாது. பிள்ளையின்ரை பயணம் குழம்பினாலும் குழம்பும்."

"அது தெரியும்."

"அப்ப ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்?"

சீவரத்தினம் வாசலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். இவ்வளவு காலத்தில் அவர் ஒரு மூச்சில் இத்தனை வசனம் பேசி உதயகலா கேட்டதில்லை.

"அண்ணை பிள்ளையை என்ரை கையிலை தந்திட்டுப் போனவர். தரேக்கை ஒரு சொல்லும் சொல்லேல்லை, நான் பாத்துக்கொள்ளுவன் எண்டு அவருக்குத் தெரியும். நான் என்ன செய்தனான்? ஆமிக்காரனுக்குப் பயந்து, அவர் இருந்த இடத்திலை என்ரை பேரை எழுதினனான். ஒருக்கால் இல்லை. பட்டியலிலை, பள்ளிக்கூடத்திலை, எல்லா இடத்திலையும். பிள்ளை தகப்பன்ரை படத்தைக் காட்டிப் பெரியப்பா எண்டு சொல்லேக்கை நான் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அண்ணைக்கு ஒரு கல்லறை இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை, திவசத்துக்கு ஒரு நாளும் இல்லை. இருந்த ஒரே அடையாளம் இந்தப் பிள்ளைக்கு முன்னாலை நிக்கிற பேர். அதையும் நான்தான் அழிச்சனான். அதைத் தவறுதல் எண்டு எழுதினால், அண்ணைக்கு முன்னாலை நான் இன்னொருக்கால் பொய் சொன்ன மாதிரி."

அவருடைய பெயரை எடுப்பதுதான் அவருக்கு வலி என்று நினைத்து உதயகலா இத்தனை நாள் தவித்தாளே, அவருக்கு வலித்தது அந்தப் பெயர் அங்கே இருந்ததுதான். பட்டமளிப்பு விழாவில் எழும்பி நின்றது பெருமையில் என்று அவள் நினைத்திருந்தாள். பெருமைதான், ஆனால் அது மட்டுமில்லை என்று இப்போது விளங்கிற்று. அந்தக் கூட்டத்தில் அவர் அண்ணனுக்காகவும் எழும்பியிருக்கிறார். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேல் கோபம் கோபமாக வந்தது.

போஸ்ட்மாஸ்டர் அவளைப் பார்த்தார். "பிள்ளை, முடிவு உம்மடை. தவறுதல் எண்டு இருந்தால் லேசு. இவர் சொல்லுற மாதிரி எழுதினால் என்னாகும் எண்டு நான் சொல்லேலாது."

அவளுக்கு ஓகஸ்ட் முப்பது கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரே ஒரு சொல். இவரைக் கெஞ்சினால் இறங்கி வந்துவிடுவார், அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் கேட்டு அவர் எதைத்தான் மறுத்திருக்கிறார்?

"இவர் சொல்லுற மாதிரியே எழுதுவம் ஐயா" என்றாள்.

போஸ்ட்மாஸ்டர் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். அவர் புதிதாக எழுதச் சொல்ல, உதயகலா அந்த மேசையிலேயே எழுதினாள். "எனது தமையன் காணாமற்போன பின், அக்காலச் சூழ்நிலையில் பிள்ளையின் பாதுகாப்பைக் கருதி, நான் அறிந்தே எனது பெயரைத் தந்தையின் பெயராகக் கொடுத்தேன். அவளைப் பெற்ற தந்தை எனது தமையன் சிவசுப்பிரமணியமே. இதில் உதயகலாவுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை." திரும்ப வாசித்துக் காட்டினார்கள். சீவரத்தினம் தலையாட்டிவிட்டு, வெங்காயக் கறை போகாத விரல்களால் பேனையை இறுக்கிப் பிடித்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தார். முத்திரை விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை உதயகலா அரை உயிரோடுதான் திரிந்தாள். அலுவலகத்தில் யாருக்கோ எழுதிய கடிதத்தில் தன்னுடைய பெயரையே எழுதிவிட்டாள். பத்தொன்பதாந் திகதி தேவகுமாரியிடமிருந்து தொலைபேசி வந்தது, நேரில் வரச் சொல்லி. போகும் வழி முழுக்க, இல்லையென்றால் என்ன, இங்கேயே இருக்கிறேன், வெங்காயம் கட்டுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அது அவ்வளவும் சும்மா வாய்ப்பேச்சு. போக வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முழுக்க இருந்தது.

தேவகுமாரி அவளுடைய கடிதங்கள் இருந்த கோவையைத் திறந்து வைத்திருந்தார்.

"சான்றிதழை மாத்தேலாது தங்கச்சி" என்றார். உதயகலாவின் முகம் சுண்டிப்போயிற்று. "பொறுங்கோ, முழுக்கக் கேளுங்கோ. குடுத்த பட்டத்திலை பேர் மாத்துறதெண்டால் பேரவைக்குப் போகோணும், பழைய சான்றிதழைத் திருப்பித் தரோணும், மாசக்கணக்கிலை இழுபடும். அதுவும் பதிவு செய்த பேரிலைதான் பட்டம் எண்டது விதி. ஆனால் இரண்டு பேருக்கும் உரியது ஒராள்தான் எண்டு பதிவாளர் உறுதிப்படுத்திக் கடிதம் தரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும். அவை நேராய்க் கேட்டால் நாங்கள் அவைக்கு மின்னஞ்சலிலையும் அனுப்புவம்."

"சின்னையா எழுதினது பிழை இல்லையே மெடம்?"

தேவகுமாரி சத்தியக் கடதாசியைப் புரட்டினார். "உப்பிடி வாற கோவைகளிலை முக்காவாசியிலை தவறுதல் எண்டுதான் இருக்கும். எப்பிடித் தவறினது எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பி, அவை திரும்பி வந்து, ஒரு மாசம் போயிடும். உங்கடை கோவையிலை பதிவாளருக்குக் கேள்வியே வரேல்லை. நானும் தொண்ணூற்றைந்திலை கொடிகாமத்திலை இருந்தனான்" என்றார். பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு, "இந்தாங்கோ, எழுத்துகளைச் சரிபாருங்கோ" என்று கடிதத்தை நீட்டினார்.

கடிதம் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக இலச்சினையோடு, பதிவாளரின் கையெழுத்தோடு இருந்தது. அன்றே அவள் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினாள். இருபத்தாறாந் திகதி ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. விசாவுக்கு விண்ணப்பிக்க இனி ஒரு தடையும் இல்லை. சின்னம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தா. அவிக்கும்போதே அழவும் செய்தா. பிள்ளை போய்விடுவாள் என்பது அப்போதுதான் அவவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீவரத்தினம் தோட்டத்தால் வந்து, காலைக் கழுவிவிட்டு, கடிதத்தைக் கேட்டு வாங்கினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாசி" என்றார்.

உதயகலா தமிழில் சொன்னாள். "எமது பல்கலைக்கழகத்தில் சீவரத்தினம் உதயகலா என்னும் பெயரில் பட்டம் பெற்றவரும், சிவசுப்பிரமணியம் உதயகலா என்னும் பெயரில் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் ஒருவரே என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

"அண்ணையின்ரை பேரும் இருக்கு, என்ரை பேரும் இருக்கு, என்ன?"

"ஓம் சின்னையா. இரண்டும் இருக்கு."

"ஒரே வசனத்திலையோ?"

"ஒரே வசனத்திலைதான்."

அவர் தலையைத் தலையை ஆட்டினார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. பிறகு ஏதோ யோசனை வந்தவர்போல அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் ஆற்றை பேர் இருக்கு?"

"உங்கடை பேர்."

சீவரத்தினம் கடிதத்தை அவளிடம் திருப்பி நீட்டினார்.

"பதிவாளருக்கு இன்னொரு கடிதம் எழுதேலாதோ பிள்ளை?" என்று கேட்டார். "அவர் மூத்தவரெல்லோ."